ஒரு பெட்டி சோப்பு, இரண்டு தள்ளுபடி: கடைசியில் கட்டிய தொகை

எங்கள் கடைக்கு மொத்த விலையில் ஒரு பெட்டி சோப்பு எடுத்தேன். பெட்டிக்குள் 72 சோப்பு, ஒன்றின் பட்டியல் விலை 50 ரூபாய், ஆக பெட்டி 3,600. வியாபாரத் தள்ளுபடி 20 சதவீதம். பில்லின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது: 10 நாளுக்குள் பணம் கட்டினால் 5 சதவீதம் ரொக்கத் தள்ளுபடி, இல்லையென்றால் 30 நாளுக்குள் முழுத் தொகை.

இருபதையும் ஐந்தையும் கூட்டி 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 900 கழிந்து 2,700 வரும். அது சரியான தொகை இல்லை. முதல் தள்ளுபடி 3,600-க்கு: 720 போக 2,880. இரண்டாவது தள்ளுபடி அந்த 2,880-க்குத்தான்: அதில் 5 சதவீதம் 144, அது போக 2,736. 36 ரூபாய் வித்தியாசம் வருகிறதே, அது ஏற்கெனவே கழிந்துபோன 720-க்கு மறுபடியும் 5 சதவீதம் கேட்பதால் வருவது. கொடுக்கவே போகாத பணத்துக்கு யாரும் தள்ளுபடி தரமாட்டார்கள்.

எனக்குப் பிடித்த வழி, எல்லாவற்றையும் ஒரு சோப்புக்கு இறக்கிப் பார்ப்பது. பட்டியலில் 50, பில்லில் 40, சீக்கிரம் கட்டினால் 38. இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் பாதி வாக்குவாதம் தேவைப்படாது. எனக்கு அன்றைக்கே தேவைப்பட்டது.

பெட்டியைப் பிரித்தால் அடி வரிசையில் 6 சோப்பு நனைந்து, உறை ஒட்டிப்போய் இருந்தது. சப்ளையரிடம் சொன்னேன், திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்கவில்லை. எவ்வளவு கழிப்பது என்பதில்தான் பேச்சு நின்றது. பட்டியல் விலைப்படி 300 கழிக்க முடியாது, ஏனென்றால் 50 ரூபாய் விலையில் அவர்கள் எனக்கு விற்கவே இல்லை. பில்லில் ஏறிய விலை 40, ஆக 240. இதுவரைக்கும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டோம்.

அடுத்தது எதை முதலில் கழிப்பது என்பது. 2,736-லிருந்து 240-ஐக் கழித்து 2,496 கட்டிவிடலாம் என்று எங்கள் கடையிலேயே சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். திருப்பிய சரக்குக்கு நாம் பணம் கட்டப் போவதில்லை, அதனால் அதற்கு ரொக்கத் தள்ளுபடியும் கிடையாது. முதலில் 2,880-லிருந்து 240 போக 2,640. அதில் 5 சதவீதம் 132. கட்ட வேண்டியது 2,508. ஒரு சோப்புக் கணக்கில் சரிபார்த்தேன்: மிச்சம் 66 சோப்பு, ஒன்று 38 ரூபாய், அதே 2,508. சப்ளையரின் கணக்காளரிடம் இப்படிச் சொன்னதும், "சரி சார், கிரெடிட் நோட் 240-க்குப் போட்டுடறேன்" என்று முடித்துவிட்டார்.

10 நாள் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் அப்போதே கேட்டுக்கொண்டேன். சிலர் பில் தேதியிலிருந்து எண்ணுவார்கள், சிலர் சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து. பில்லில் எழுதியிருக்காவிட்டால் கேட்டு எழுதி வாங்கிவிடுவது நல்லது. காசோலை என்றால், கொடுத்த நாளா பணம் வரவான நாளா என்பதும் இதே ரகம்தான்.

கையில் முழுப் பணம் இல்லாதவர்களுக்கு ஒன்று. பாதியை மட்டும் 10 நாளுக்குள் கட்டினால் அந்தப் பாதிக்குத் தள்ளுபடி தருகிறவர்கள் உண்டு. முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். 1,254 கட்டினால் அதை 0.95-ஆல் வகுக்க வேண்டும். 1,320 கடன் தீரும். அதாவது 2,640-ல் சரிபாதி. 1,254-க்கு 5 சதவீதம் கூட்டிப் பார்த்தால் 1,316.70 தான் வரும், மூன்று ரூபாய்க்கு மேல் குறையும். பெட்டி ஐம்பது அறுபது என்று எடுக்கிறவர்களுக்கு இது சில்லறை இல்லை.

நான் கெடுவுக்குள் 2,508 கட்டிவிட்டேன். கூடுதலாக இருபது நாள் அந்தப் பணத்தை வைத்திருக்க 132 ரூபாய் விலை என்பது எனக்கு அதிகமாகப்பட்டது.

பேரேட்டில் கொள்முதல் 2,880, கொள்முதல் திருப்பம் 240, பெற்ற ரொக்கத் தள்ளுபடி 132, கொடுத்தது 2,508. வியாபாரத் தள்ளுபடி 720 பில்லோடு நின்றுவிடும், பேரேட்டுக்கு வராது. ரசீது வாங்கும்போது, "2,508 ரொக்கம், 132 தள்ளுபடி, பாக்கி இல்லை" என்று எழுதச் சொல்லி வாங்கினேன். வெறும் 2,508 என்று மட்டும் எழுதியிருந்தால், அடுத்த பில்லில் அந்த 132 பழைய பாக்கியாக வந்து நிற்கும்.