வழக்கறிஞருக்கு எழுதிய இணைப்புக் குறிப்பு

கீழக்கரை வழக்கறிஞர் ஒருவரின் கிரையப் பத்திர வரைவை மெய்ப்புப் பார்த்து, இன்று காலை இப்படி எழுதி அனுப்பினேன்:

“மதிப்பிற்குரிய ஐயா, ‘கிரையம் பெருபவர்’ என்று ஏழு இடங்களில் இருந்ததைப் ‘பெறுபவர்’ எனத் திருத்தியுள்ளேன். விடுபட்ட ஒற்றுகளைச் சேர்த்துள்ளேன். இவற்றுக்குத் தங்கள் முடிவு தேவையில்லை.

பின்வரும் இரண்டையும் பென்சிலால் குறித்ததோடு நிறுத்திக்கொண்டேன். சொத்து விவரத்தில் பரப்பு 12 சென்ட் என்றும், அதே பத்தியின் இறுதியில் 5,445 சதுர அடி என்றும் உள்ளது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் 12 சென்டுக்கு 5,227 சதுர அடியே வரும்; 5,445 என்பது பன்னிரண்டரை சென்டின் கணக்கு. ‘அரை’ தட்டச்சில் விடுபட்டதா, சதுர அடிதான் தவறா என்பதைத் தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் பார்த்துத் தாங்களே சொல்ல வேண்டும்.

அடுத்து, ‘வடக்கில் கடற்கரைப் புறம்போக்கு’ என்றுள்ளது. நம் ஊருக்குக் கடல் தெற்கே என்பது எனக்குத் தெரிந்தாலும், வடக்கும் தெற்கும் இடம் மாறினவா, ஒரு திசை மட்டும் பிழையா என்பது எனக்குத் தெரியாது. அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லையையே பெரிதாகக் கொள்வார்கள் என்பதால் கை வைக்கவில்லை.”

எழுத்துப் பிழைபோலவே தோன்றும் அந்த ‘வடக்கை’த் திருத்தாமல் விடுவதற்குத்தான் அதிகம் கையைக் கட்ட வேண்டியிருந்தது.