டொலரில் எழுதிப் பார்த்த ரூபாய்ச் சம்பளம்

இலங்கை ரூபாய் சரிந்த 2022ஆம் ஆண்டில் நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பில் இருந்தேன். ஒவ்வொரு மாதமும் பட்டியலை வங்கிக்கு அனுப்பிய பிறகு, நடுத்தரப் பதவியில் இருந்த ஓர் ஊழியரின் சம்பளத்தைத் தனித் தாளில் மூன்று விதமாக எழுதி வைப்பேன். கைக்கு வரும் ரூபாய் எவ்வளவு, சம்பள நாளின் வீதத்தில் அது எத்தனை டொலர், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அதன் வாங்கும் சக்தி எவ்வளவு என்பவை அந்த மூன்றும். 2021 செப்டெம்பரை 100 என்று வைத்துக்கொண்டேன். அப்போது டொலர் 203 ரூபாய்க்குள் கட்டி வைக்கப்பட்டிருந்ததும், விலைச் சுட்டெண் ஓராண்டு இடைவெளியோடு ஒப்பிடப்படுவதால் அடுத்த செப்டெம்பர்களில் கணக்கு நேராக வருவதும் அதற்குக் காரணங்கள்.

அந்த ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதம் கழிந்து, முழு எண்ணாகச் சொன்னால், 150,000 ரூபாய் கைக்கு வந்தது. 203 ரூபாய் வீதத்தில் அது 739 டொலர். 2022 பெப்ரவரி வரை டொலர் நிரலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆனால் அந்த 739 டொலர் தாளில் மட்டுமே இருந்தது. மகனின் வெளிநாட்டுக் கல்விக் கட்டணத்துக்காக 203 ரூபாய்க்கு டொலர் கேட்டு வங்கிக்குப் போன எங்கள் சக ஊழியர் ஒருவருக்கு, இருப்பு வந்ததும் அறிவிக்கிறோம் என்ற பதிலே கிடைத்தது. வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தரும் உண்டியல்காரர்களிடமோ அதே டொலர் 240 ரூபாயைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் டொலருக்கு 10 ரூபாய் கூடுதலாகத் தருவதாக 2021 டிசெம்பரில் மத்திய வங்கியே அறிவித்திருந்தது. வீதத்தை நிர்ணயித்தவர்களே அந்த வீதத்தில் டொலர் வராது என்று ஒப்புக்கொண்டதாகத்தான் நான் அதைப் படித்தேன். 240 ரூபாயில் கணக்கிட்டால் அதே சம்பளம் 625 டொலர்தான். அதாவது, சரிவு தொடங்கியதாக எல்லோரும் சொல்லும் மார்ச் மாதத்துக்கு முன்னரே சம்பளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போயிருந்தது. இவ்வாறு கட்டி வைக்கப்பட்ட வீதத்தை வைத்துச் சம்பளத்தைக் கணக்கிடுகிறவர், அந்த வீதத்தில் டொலர் உண்மையில் வாங்க முடிகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால், கிடைக்கும் விலையையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

2022 மார்ச் 7 அன்று மத்திய வங்கி கட்டைத் தளர்த்தியது. 230 ரூபாய்க்கு மேல் போகாது என்ற அதன் எதிர்பார்ப்பு சில நாட்களிலேயே பொய்த்தது. மாத முடிவில் டொலர் 300 ரூபாயை நெருங்கிவிட்டது. அந்த மாதத்தில் சம்பளத்தை எந்த நாளின் வீதத்தால் வகுப்பது என்பதே ஒரு கேள்வியாக இருந்தது. மாதத் தொடக்கத்து வீதத்தில் 739 டொலராகத் தெரிந்த அதே உழைப்பு, மாதக் கடைசியில் 500 டொலராகத் தெரிந்தது. மாதச் சராசரியை எடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் சம்பளம் வங்கிக் கணக்கில் விழும் நாளின் வீதத்தையே எடுத்தேன், ஏனென்றால் அந்த நாளுக்கு முன் அந்தப் பணம் ஊழியரின் கையில் இல்லை. வேலை செய்த நாளுக்கும் சம்பள நாளுக்கும் இடையில் நேர்ந்த இழப்பு முழுவதையும் சுமந்தவர் அவர்தான்.

ஏப்ரல் 12 அன்று அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. மே நடுப்பகுதியில் டொலர் 360 ரூபாயைத் தொட்டு, பிறகு மாதக்கணக்கில் அந்த அளவிலேயே நின்றது. 365 ரூபாய் என்று எடுத்தால் சம்பளம் 411 டொலர். 100இல் தொடங்கிய டொலர் நிரல் 56இல் வந்து நின்றது.

நான் அதிகம் யோசித்தது இந்த இடத்தில்தான். அதே மே மாதத்தில் விலைச் சுட்டெண் முந்தைய ஆண்டை விட 39.1 சதவீதமே கூடியிருந்தது. அதன்படி, முந்தைய மே மாதத்தை 100 என்று வைத்தால், சம்பளத்தின் வாங்கும் சக்தி 72. ஒரே சம்பளத்துக்கு ஒரு நிரல் 56 என்றது, மற்றது 72 என்றது. எது உண்மை என்று கேட்டவர்களுக்கு, இரண்டும் உண்மை, ஆனால் ஒன்று முந்தி வந்த உண்மை என்றுதான் சொன்னேன். இறக்குமதிப் பொருள்களின் விலை டொலரோடு உடனே ஏறியது. 2021 டிசெம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே கடைசியில் 420, ஜூனில் 470 என்று படிப்படியாக ஏறியது. ஆனால் வீட்டு வாடகை பழைய ஒப்பந்தத்தில் இருந்தது. மின்கட்டணம் ஓகஸ்ட் வரை உயரவில்லை. கடைகளில் பழைய இருப்புத் தீரும் வரை பழைய விலை ஒட்டிக்கொண்டிருந்தது. சுட்டெண் இவை எல்லாவற்றையும் சேர்த்து நிறுப்பதால் மெதுவாக நகர்ந்தது. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது, பெறுமதி சேர் வரி 8 சதவீதத்திலிருந்து 12க்கும் பிறகு 15க்கும் போனது, செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. சம்பள உயர்வே கிடைக்காத ஒருவரின் வாங்கும் சக்தி அந்த மாதத்தில் 59. மே மாதத்தில் டொலர் நிரல் சொன்ன 56க்கு, விலை நிரல் நான்கு மாதம் கழித்துக் கிட்டத்தட்ட வந்து சேர்ந்திருந்தது.

இந்த நான்கு மாத இடைவெளி எங்கள் ஊழியர்களுக்குப் பெரும் இழப்பைத் தந்தது. ஜூலையில் சம்பள உயர்வைத் தீர்மானித்த முகாமைத்துவக் கூட்டத்தில் மேசை மேல் இருந்த எண் மே மாதத்தின் 39 சதவீதம். அதில் பாதியை நிறுவனம் ஏற்பதாகச் சொல்லி 20 சதவீதம் தந்தார்கள். கையில் 180,000 ரூபாய் வந்தது. செப்டெம்பரில் அதன் மதிப்பு டொலரில் 493, அதாவது 67. விலைக் கணக்கில் 71. டொலர் நிரலைப் பார்த்து முடிவெடுத்திருந்தால், விலைகள் எங்கே போய் நிற்கும் என்பதை அந்தக் கூட்டத்திலேயே ஓரளவு கணித்திருக்கலாம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் டொலரில் பணம் பெற்ற எங்கள் நிறுவனத்துக்கு அது இயலாத காரியமும் அல்ல. ரூபாய் சரிந்தபோது ஒரே டொலர் வருமானம் அதன் கையில் ஒன்றேமுக்கால் மடங்கு ரூபாயாகியது. சம்பளச் செலவோ ரூபாயில் இருந்தது. உள்ளூரில் விற்று உள்ளூரில் செலவழிக்கும் கடைக்காரரிடம் இதே கோரிக்கையை வைக்க முடியாது என்பதையும் நான் மறக்கவில்லை.

நண்பர் ஒருவர் வேலை செய்த வேறொரு நிறுவனம், சம்பளத்தில் பாதியை டொலரோடு இணைத்தது. 150,000 ரூபாயில் 75,000 அப்படியே நிற்கும். மற்ற 75,000ஐச் சம்பள நாளின் வீதத்தால் பெருக்கி 203ஆல் வகுப்பார்கள். 365 ரூபாய் வீதத்தில் அவருக்கு ஏறத்தாழ 210,000 ரூபாய் வந்தது. எங்களில் பலர் அதைப் பார்த்து ஏங்கினோம். ஆனால் 2023 மார்ச்சிலிருந்து ரூபாய் மீளத் தொடங்கி, ஜூன் மாத அளவில் டொலர் 300 ரூபாயை ஒட்டி வந்தபோது, அதே சூத்திரம் அவருக்கு 186,000 ரூபாயைத் தந்தது. பெற்றோலும் எரிவாயுவும் சற்று இறங்கியிருந்தாலும் வாடகையோ, பாடசாலை வான் கட்டணமோ, சாப்பாட்டுக் கடை விலையோ இறங்கவில்லை. மின்கட்டணம் பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் கூடியிருந்தது. சரிவில் அவரைக் காத்த ஒப்பந்தமே மீட்சியில் மாதம் 24,000 ரூபாயைப் பிடுங்கியது. டொலரில் பார்த்தாலோ அவர் சம்பளம் 575இலிருந்து 620ஆக உயர்ந்திருந்தது. செலவு முழுவதும் ரூபாயில் இருக்கிறவருக்கு அந்த உயர்வால் என்ன பயன்? இப்படிப்பட்ட ஒப்பந்தம் எழுதுகிறவர்கள், வீதம் இறங்கும்போது ரூபாய்த் தொகை எந்த அளவுக்குக் கீழே போகாது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

எங்கள் ஊழியரின் வரிசையிலும் 2023இல் நிலைமை தலைகீழானது. ஜனவரியில் வந்த புதிய வருமான வரியில் மாதம் 100,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளம் வரிக்குள் வந்தது. முன்பு அந்த எல்லை 250,000. அவருக்கு மாதம் ஏறத்தாழ 9,700 ரூபாய் வரி பிடிக்கப்பட்டு, கைக்கு 170,000 வந்தது. செப்டெம்பரில் டொலர் ஏறத்தாழ 325 ரூபாய் என்பதால் அது 523 டொலர், அதாவது 71. அந்த மாதத்தில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்குத் தணிந்திருந்தது. ஆனால் பணவீக்கம் தணிந்தது என்றால் விலைகள் ஏறுவது நின்றது என்றுதான் பொருள். ஏறிய விலைகள் ஏறிய இடத்திலேயே இருந்தன. விலைக் கணக்கில் சம்பளம் 66. ஓராண்டுக்கு முன் டொலர் நிரல் விலை நிரலை விடக் கீழே இருந்தது. இப்போது மேலே வந்துவிட்டது. ரூபாய் பலம் பெற்றுவிட்டது, சம்பளமும் மீண்டுவிட்டது என்று அலுவலகத்தில் பேசியவர்கள் இந்த டொலர் எண்ணைத்தான் பார்த்தார்கள்.

அந்த ஐந்து புள்ளி வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, நான் நிலையான அளவுகோலாக எடுத்துக்கொண்ட டொலரே அந்த இரண்டு ஆண்டுகளில் சுருங்கியிருந்தது தெரிந்தது. அமெரிக்காவில் 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. 2021 செப்டெம்பரிலிருந்து 2023 செப்டெம்பர் வரை அங்கு விலைகள் மொத்தத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் கூடியிருந்தன. அந்த 12 சதவீதத்துக்காக 523 டொலரை 1.12ஆல் வகுத்துப் பார்த்தால் அது பழைய டொலரில் 467தான், 100க்கு 63. விலை நிரலின் 66க்கு அது மிக அருகில் வருகிறது. ஒன்றிரண்டு மாதக் கணக்குக்கு டொலரின் தேய்மானத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஓராண்டைத் தாண்டிய பிறகு அதைக் கழிக்காத டொலர் நிரல், சம்பளம் உண்மையில் இருப்பதை விட நல்ல நிலையில் இருப்பதாகக் காட்டும். ஆகவே 2023ஆம் ஆண்டுக்கான வரிசைகளைத் திரும்ப எழுதி, தேய்மானம் கழித்த டொலரை நான்காவது நிரலாகச் சேர்த்தேன். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கு ஊழியர்கள் சார்பில் எடுத்துச் சென்ற தாளில் 71 என்ற எண்ணின் பக்கத்திலேயே 63உம் 66உம் இருந்தன.