மார்பளவைக் கூட்டினேன், இடுப்பு டாட் நேராகவே நின்றது

அக்காவுக்கு மேலாடை தைக்க அளவெடுத்தேன். மேல்மார்புச் சுற்றளவு 36 அங்குலம், முழு மார்பு 40. கையில் இருந்த காகித பேட்டர்னில் 36க்கு உரிய அளவை எடுத்தால் மார்பு 38தான் வரும். அடுத்த அளவுக்குப் போனால் தோளும் கழுத்தும் அகன்றுவிடும். அதனால் 36ஐயே வைத்துக்கொண்டு, குறைகிற 2 அங்குலத்தை முன்பக்கத்தில் மட்டும் சேர்த்தேன். பேட்டர்ன் பாதி முன்பக்கம் என்பதால் கூட்ட வேண்டியது 1 அங்குலம்.

இடுப்பில் துணியை முக்கோணமாக மடித்துத் தைக்கும் டாட்டின் நடுவிலிருந்து மார்பு முனைக்கு நேர்கோடு, அங்கிருந்து கைக்குழியின் கீழ்ப்பகுதிக்கு ஒரு சாய்கோடு வரைந்தேன். கீழிருந்து வெட்டிக்கொண்டு போய், கைக்குழியின் தையல் கோட்டில் நூலளவு காகிதத்தை விட்டு நிறுத்தினேன். அந்த ஒட்டு அறுந்தால் கைக்குழியின் அளவு மாறிவிடும். பிறகு பக்க டாட்டின் நடுவாக மார்பு முனைவரை இன்னொரு வெட்டு. அங்கேயும் அதே போல் ஒட்டு விட்டேன்.

பக்கவாட்டுத் துண்டை வெளியே நகர்த்தும்போதுதான் பொறுமை வேண்டும். முனை அருகில் 1 அங்குலம் திறந்தால், இடுப்பிலும் சரியாக 1 அங்குலமே திறந்திருக்க வேண்டும். காகிதம் கீழே விரிந்து 1½ ஆகிவிட்டால், டாட்டைக் கணக்குப்படி பிடித்தாலும் பாதி இடுப்பில் ½ அங்குலம், முழு இடுப்பில் 1 அங்குலம் மிஞ்சும். இரண்டு இடத்திலும் ஸ்கேல் வைத்து அளந்த பிறகே டேப் ஒட்டினேன். பக்கத் துண்டு சற்றுக் கீழே இறங்கியிருந்தது. நடுத்துண்டை முனைக்குக் கீழே குறுக்காக வெட்டி, அதே அளவு இறக்கினேன்.

இப்போது மார்பு முனை இரண்டாகப் பிரிந்து நிற்கும். பழைய முனையை நோக்கியே டாட்டை வரைந்தால் அது நடுப்பக்கம் சாய்ந்துவிடும். இரண்டுக்கும் மத்தியில் புது முனையைக் குறித்து, அங்கிருந்து நேராகக் கீழே டாட்டின் நடுக்கோட்டைப் போட்டேன். டாட்டை முனைக்கு 1 அங்குலம் கீழே முடித்தேன். காகிதத்தை மடித்து டாட்டை மூடி அளந்தபோது இடுப்பு பழைய அளவிலேயே இருந்தது. மூடியபடியே அடி விளிம்பைச் சமமாக வெட்டிக்கொண்டேன்.

1 அங்குலமாக இருந்த டாட் 2 அங்குலமாகிவிட்டது. காடாத் துணியில் தைத்துப் போட்டுப் பார்த்ததில், முனையிலிருந்து கைக்குழிக்கு இழுத்த சுருக்கம் மறைந்திருந்தது. ஆனால் டாட்டின் நுனி கூராகத் துருத்தியது. ஒரே இடத்தில் இவ்வளவு துணியை மடித்தால் அப்படித்தான் ஆகும். அதை 1 அங்குல அளவில் இரண்டு டாட்டாகப் பிரித்து, அருகருகே நேராக நிறுத்தினேன். பிடிக்கிற துணியின் கூட்டல் 2 அங்குலமே என்பதால் இடுப்பு மாறவில்லை, துருத்தலும் அடங்கியது. பக்க டாட்டும் அகலமாகியிருந்தது. அதை மட்டும் முனைக்கு 1½ அங்குலம் முன்பே முடித்து, அக்காவின் நீலப் பருத்தித் துணியை வெட்டினேன்.