அம்புக்குறி இல்லாத 38

"ஆறாம் பெட் அம்மா அடங்கிட்டாங்க மேடம்" என்றார் சிஸ்டர். அப்போது மணி இரண்டரை. நான் எட்டாம் பெட்டுக்காரரின் முகமூடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "அப்பாடா, தூங்கட்டும்" என்றேன். மூன்று வருடமாகிவிட்டது. இந்த ஒரு வாக்கியத்தையும் அதற்கு நான் சொன்ன பதிலையும் இன்னும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை 480, சிறுநீரில் கீட்டோன் என்ற அமிலப்பொருள், வலது நுரையீரலின் அடியில் நிமோனியா. இரவு பத்தரைக்கு வந்தபோது நிமிடத்துக்கு 36 முறை மூச்சு வாங்கினார். ஆழமான, இடைவிடாத மூச்சு. குஸ்மால் 1874-ல் சர்க்கரை நோயாளிகளிடம் கண்டு எழுதியது இந்த மூச்சைத்தான். படுக்கையைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் ஆஸ்துமா என்று நினைத்தார்கள். ஆனால் நுரையீரல் தானாக மூச்சுக்குத் திணறவில்லை. ரத்தத்தில் சேர்ந்த அமிலத்தைச் சமாளிக்க, கார்பன் டை ஆக்சைடை அள்ளி அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

தமனி ரத்தத்தில் அமிலத்தையும் வாயுக்களையும் அளக்கும் சோதனை ஏபிஜி. அதன் முதல் சீட்டை அன்றைக்கு ஒழுங்காகத்தான் படித்தேன். pH 7.23, pCO2 22, HCO3 9. pCO2 என்பது ரத்தத்திலிருக்கும் கார்பன் டை ஆக்சைடின் அளவு, HCO3 என்பது அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட். முதலில் pH: ரத்தத்துக்கு இது குறைவு, அமிலம்தான். அப்புறம், அந்த அமிலத்துக்குக் காரணம் யார்? மூச்சு காரணமாக இருந்தால் pCO2 40-க்கு மேலே ஏறியிருக்கும். இங்கே 22-க்கு இறங்கியிருக்கிறது, பைகார்பனேட்டும் 9-தான். ஆக மெட்டபாலிக், அதாவது அமிலம் மூச்சால் வந்ததில்லை, உடம்பின் வேதிமாற்றத்தில் வந்தது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. மூச்சு தன் பங்குக்கு எவ்வளவு ஈடுகட்ட வேண்டும், அவ்வளவு ஈடுகட்டுகிறதா? அதற்கு 1967-ல் வெளியான ஒரு கணக்கை இன்றும் வைத்திருக்கிறோம். வின்டர்ஸ் ஃபார்முலா என்போம்:

```
எதிர்பார்க்கும் pCO2 = 1.5 × HCO3 + 8 (± 2)
```

ஒன்பதைப் போட்டால் இருபத்தொன்றரை வருகிறது. சீட்டில் 22. கச்சிதம். உடம்பு தன் வேலையைச் செய்கிறது, நாம் இன்சுலினும் சலைனும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தால் போதும் என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். கணக்கையும் ஓரத்தில் போட்டு வைத்தேன். அந்த வரி இன்றும் கேஸ் ஷீட்டில் இருக்கும்.

இரண்டே முக்காலுக்கு எடுத்த ஏபிஜிக்குப் பக்கத்தில் அப்படி எந்தக் கணக்கும் இல்லை.

சிஸ்டர் சொன்னதும் நான் போய்ப் பார்க்காமல் இல்லை. எட்டாம் பெட்டை முடித்துவிட்டுப் போனேன். மூச்சு எண்ணிக்கை 22. பத்தரைக்கு 36, இப்போது 22. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. கூப்பிட்டேன், "ம்" என்றார். மணிக்கட்டில் குத்தி ரத்தம் எடுத்தேன், சிரிஞ்சு தானாக நிறைந்தது. மெஷின் துப்பிய சீட்டு:

```
pH    7.12  ↓
pCO2  38
pO2   82
HCO3  12    ↓
```

அந்த மெஷின் நார்மலைத் தாண்டும் எண்ணுக்கெல்லாம் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போடும். pCO2-க்கு 35 முதல் 45 வரை நார்மல். 38-க்கு அம்புக்குறி இல்லை. நான் இப்படிப் படித்தேன்: pH குறைவு, பைகார்பனேட் குறைவு, CO2 நார்மல், எனவே மெட்டபாலிக் அசிடோசிஸ். பைகார்பனேட் 9-லிருந்து 12-க்கு ஏறியிருக்கிறது, மருந்து வேலை செய்கிறது. pH மட்டும் ஏனோ பின்தங்குகிறது. அதற்குக் கொஞ்சம் சோடா பைகார்ப் கொடுத்தால் சரியாகும்.

இதில் தனித்தனியாக எதுவும் பச்சைப் பொய் இல்லை. அதுதான் என்னை உறுத்துவது. CO2 நார்மல்தான், ஆனால் நல்ல உடம்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு. பைகார்பனேட் 12 உள்ளவருக்கு அது எவ்வளவு இருக்க வேண்டும்? 1.5 × 12, அதோடு 8, மொத்தம் 26. இரண்டைக் கூட்டினாலும் 28. இருந்ததோ 38. வெளியே போக வேண்டிய கார்பன் டை ஆக்சைடு போகாமல் உள்ளே தங்குகிறது. சர்க்கரை கொண்டுவந்த மெட்டபாலிக் அசிடோசிஸின் மேலே, மூச்சு தளர்ந்ததால் வந்த ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸ் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 22 என்று நான் எண்ணியது குணமாகிறவரின் மூச்சு இல்லை. ஓடிக் களைத்தவரின் மூச்சு.

ஃபார்முலா தெரியாதவருக்கும் புரிந்திருக்க வேண்டிய ஒன்று அதே சீட்டில் இருந்தது. பைகார்பனேட் ஏறுகிறது, ஆனால் pH 7.23-லிருந்து 7.12-க்கு இறங்குகிறது. மெட்டபாலிக் மட்டும்தான் சிக்கல் என்றால் இவை இரண்டும் எதிரெதிர் திசையில் போக வழியில்லை. வேறு யாரோ pH-ஐக் கீழே இழுக்க வேண்டும். நான் அதைப் பார்த்தேன், "ஏனோ" என்று ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட்டேன்.

எனக்காக நானே வாதாடுவதும் உண்டு. எட்டாம் பெட்டுக்காரர் பல வருடப் பீடிக்காரர், சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அவருடைய சீட்டில் pH 7.29, pCO2 68, HCO3 32. அன்றிரவு முழுக்க நான் மல்லுக்கட்டியது அந்த 68-உடன். அவர் கதை வேறு. கார்பன் டை ஆக்சைடு நாள்பட ஏறியிருந்தால் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்து வைத்து ஈடுகட்டும். 40-க்கு மேல் பத்து ஏறினால் பைகார்பனேட் மூன்றரை நான்கு ஏறும். திடீரென்று ஏறியிருந்தால் ஒன்றுதான் ஏறும், சிறுநீரகத்துக்கு நாள் கணக்கில் அவகாசம் வேண்டும். 68-க்கு நாள்பட்ட கணக்கில் 34 வர வேண்டும், திடீர்க் கணக்கில் 27. அவரிடம் 32, ஆக பழைய நோயின் மேல் புதிதாக ஒரு சரிவு. இதையெல்லாம் அவருக்கு அழகாகப் போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் 68-க்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தது. 68-ஐப் பார்த்த கண்ணுக்கு 38 சொர்க்கமாகத் தெரிந்தது.

ஆனால் இந்த வாதம் எனக்கே முழுதாக ஒட்டவில்லை. நாள்பட்டது, திடீர் என்று ஒருவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, இரண்டு பெட் தள்ளி ஒரு பெருக்கல் போட ஏன் வரவில்லை?

சோடா பைகார்ப் ஏறிய பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைகார்பனேட் உள்ளே போய் அமிலத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடாகத்தான் மாறும். நன்றாக மூச்சு விடுகிறவர் அதை ஊதித் தள்ளிவிடுவார். இவரால் முடியவில்லை. மூன்றரைக்கு pH 7.02, pCO2 56, HCO3 14. இப்போது அம்புக்குறி வந்துவிட்டது, ஆனால் அதற்குள் கூப்பிட்டால் "ம்" வரவில்லை. மயக்க மருத்துவர் ஓடிவந்தார். குழாய் போடுவதற்கு முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வந்தப்போ என்ன ரேட்ல மூச்சு வாங்கினாங்க?" 36 என்றேன். வென்டிலேட்டரை வழக்கம்போல் 14-ல் வைக்காமல் 30-ல் வைத்தார். உடம்பு தானாகச் செய்துகொண்டிருந்ததை மெஷின் செய்யாவிட்டால், குழாய் போட்ட சில நிமிடங்களில் pH இன்னும் கீழே போய் இதயம் நின்றுவிடலாம். ஒரு மணி நேரம் கழித்து pCO2 29. பிறகு அவர் இரண்டே முக்கால் சீட்டை வாங்கிப் பார்த்தார். 38-ன் மேல் விரலை வைத்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

அந்த அம்மா ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். அதனால் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

இரண்டே முக்காலுக்கே நான் கணக்குப் போட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்திருக்கிறேன். சோடா பைகார்ப் கொடுத்திருக்க மாட்டேன், அது உறுதி. கீட்டோஅசிடோசிஸில் pH 7-க்குக் கீழே போனால்தான் அதையே யோசிப்பார்கள். எங்கள் வார்டில் 7.2 என்றாலே எடுக்கிற பழக்கம் இருந்தது, நானும் பழக்கத்தோடு போனேன். பொட்டாசியத்தைப் பார்த்திருப்பேன். இன்சுலின் ஓடும்போது அது இறங்கும், இறங்கினால் மூச்சுத் தசையே சோர்ந்துபோகும். மயக்க மருத்துவரை முக்கால் மணி நேரம் முன்பே கூப்பிட்டிருப்பேன். ஆனால் அவரும் அப்போதே குழாய் போட்டிருப்பாரா? கடும் அமிலத்தில் இருப்பவரை மயக்கிக் குழாய் போடுவது லேசான காரியமில்லை. எப்படியும் அதே ஒன்பது நாள்தானோ என்றும் சில நாள் தோன்றும். அப்படித் தோன்றும் நாட்களில் எனக்கு என் மேல் சந்தேகம் வரும்.

இப்போது சீட்டு வந்ததும் pCO2 வரியைக் கட்டைவிரலால் மறைத்துவிடுகிறேன். பைகார்பனேட்டைப் பார்த்து, இவ்வளவு இருக்க வேண்டும் என்று பேனாவால் எழுதிவிட்டுத்தான் விரலை எடுப்பேன். இதைப் பயிற்சி மருத்துவர்களுக்கும் சொல்லித் தருகிறேன். ஆனால் போன வருடம் இதே கணக்கு என்னை வேறு விதமாக ஏமாற்றியது. வலிப்பு வந்து பத்து நிமிடமே ஆன ஓர் இளைஞர். HCO3 12, pCO2 36, pH 7.14. கிட்டத்தட்ட அதே எண்கள். மூச்சு தளர்கிறது, குழாய் போட வேண்டும் என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்துவிட்டது. உண்மையில் வலிப்பில் தசைகள் கொட்டிய லாக்டிக் அமிலம் அது. மூச்சு முழுதாக ஈடுகட்ட நேரம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் எடுத்த ரத்தத்தில் 26-ஐ எதிர்பார்த்தது என் தப்பு. ஒரு மணி நேரத்தில் லாக்டேட் தானாகக் கரைந்து, பையன் எழுந்து தண்ணீர் கேட்டான். பயிற்சி மருத்துவர் ஒருவர் என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, சிஸ்டருக்கு வருகிறேன். "அடங்கிட்டாங்க" என்பதற்கு நம் பேச்சில் இரண்டு அர்த்தம். அடம்பிடித்த குழந்தையும் அடங்கும், மூச்சும் அடங்கும். இருபது வருடம் ஐசியூவில் இருந்தவர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னார்? எச்சரித்தாரா, சும்மா தகவல் சொன்னாரா? ஆறு மாதம் கழித்து ஒரு டீ நேரத்தில் கேட்டே விட்டேன். அவருக்கு அந்த இரவு நினைவிருந்தது, வாக்கியம் நினைவில்லை. "அப்படியா சொன்னேன்? பாத்தா அமைதியா இருந்தாங்க, சொல்லிருப்பேன் மேடம்" என்றார். பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே, "ஆனா நீங்க உடனே வரலியேன்னு நினைச்சது ஞாபகம் இருக்கு" என்றார்.

போன வாரம் அவருக்கும் எனக்கும் ஒரே இரவுப் பணி. மூன்று மணிக்கு வந்து, "பன்னிரண்டாம் பெட் தாத்தா அடங்கிட்டார்" என்றார். எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். தாத்தா வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கையில் வாட்சைப் பிடித்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். பதினெட்டு. சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார். இன்னொரு நிமிடமும் எண்ணினேன்.