செய்தி போய்ச் சேர்ந்தது, ஒப்புகைதான் வரவில்லை

சாட் வசதியைச் சோதிக்க வருபவர்கள் முதலில் ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுப்பார்கள். அதில் பெரும்பாலும் எந்தப் பிழையும் சிக்காது. இணைப்பு போனதை இயங்குதளமே செயலிக்கு உடனே சொல்லிவிடுகிறது. செயலியும் செய்தியை வரிசையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. எனக்குக் கவலை தருவது வேறொரு துண்டிப்பு: வைஃபை குறியீடு முழுதாக இருக்கும், நாம் அனுப்புவது சர்வருக்குப் போகும், சர்வர் சொல்வது மட்டும் நமக்கு வராது.

இதை வேண்டுமென்றே உண்டாக்கலாம். லினக்ஸ் மெய்நிகர் கணினி ஒன்றில் சாட்டின் வலைப் பதிப்பைத் திறந்து, உள்ளே வரும் பாக்கெட்டுகளை மட்டும் நிறுத்தினேன்:

```
sudo iptables -A INPUT -p tcp --sport 443 -j DROP
```

பிறகு "நாளைக்கு வரட்டுமா?" என்று அனுப்பினேன். அது சர்வரை அடைந்து 42 என்ற வரிசை எண்ணையும் பெற்றுவிட்டது. பெற்றுக்கொண்டேன் என்று சர்வர் அனுப்பிய ஒப்புகை வழியிலேயே தொலைந்தது. அதனால் என் திரையில் டிக் விழவில்லை, கடிகாரக் குறியே நின்றது. இன்னொரு கணினியில் இருந்த சக சோதனையாளர் கேள்வியைப் பார்த்து "வா" என்று பதில் போட்டார். அதற்கு எண் 43.

இந்தக் கட்டத்தில் அவசரப்படக் கூடாது. அந்தத் தடை விதியை உடனே நீக்கினால், பாக்கெட்டுகளைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறை தானே மறுபடி அனுப்பி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும், பிழை மறைந்துவிடும். அதற்காகச் செயலி டிசிபியையே நம்பியிருக்கவும் முடியாது. லினக்ஸின் இயல்பு அமைப்பில், பதில் வராத இணைப்பை டிசிபி கைவிட ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். ஆகவே செயலியே அவ்வப்போது சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லையென்றால் இணைப்பை மூட வேண்டும். அது மூடியதை லாகில் பார்த்த பிறகே விதியை நீக்கினேன்:

```
sudo iptables -D INPUT -p tcp --sport 443 -j DROP
```

மறுஇணைப்பு வந்ததும் என் திரையில் "வா" மேலேயும், கடிகாரக் குறியோடு கேள்வி அதன் கீழேயும் இருந்தன. கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது போல. அடுத்த நொடி கேள்வி மறுபடி அனுப்பப்பட்டு 44 என்று பதிவானது. எதிர்ப்பக்கத்தில் அதே கேள்வி இரண்டு முறை. வரிசை, டிக், இரட்டைச் செய்தி என்று தனித்தனிப் பிழைகளாக எழுதத் தோன்றும். மூன்றுக்கும் வேர், தொலைந்துபோன அந்த ஒரே ஒப்புகை. அதனால் ஒரே பிழை அறிக்கையாகத்தான் எழுதினேன்.

"இரட்டைச் செய்தியைத் தடுக்க ஏற்கெனவே ஐடி வெச்சிருக்கோமே, பாருங்க" என்றார் டெவலப்பர். உண்மைதான். ஒவ்வொரு செய்திக்கும் செயலி ஒரு தனி ஐடி கொடுக்கிறது. அதே ஐடி மீண்டும் வந்தால் சர்வர் புதிதாகச் சேர்க்காமல் பழைய எண்ணையே திருப்பித் தர வேண்டும். ஆனால் 42-க்கும் 44-க்கும் லாகில் வெவ்வேறு ஐடிகள் இருந்தன. அனுப்பும் ஃபங்ஷனுக்குள்ளேயே ஐடி உருவாக்கப்பட்டதால், ஒவ்வொரு மறுமுயற்சியும் புதிய செய்தியாகவே போனது. பொத்தானை அழுத்திய கணத்திலேயே ஐடியை உருவாக்கி, கருவியின் தரவுத்தளத்தில் எழுதிவிட்டுப் பிறகு அனுப்பும்படி அவர் மாற்றினார். இப்போது சர்வரிலிருந்து வரும் 42-ஐச் செயலி தன் கடிகாரக்குறிச் செய்தியோடு பொருத்திக்கொள்கிறது. கேள்வி தன் இடத்துக்கு, "வா"வுக்கு மேலே, ஒரு டிக்கோடு போய்விடுகிறது. கடிகாரக் குறி நிற்கும்போதே உலாவியை வலுக்கட்டாயமாக மூடித் திறந்தும் பார்த்தேன். ஐடி நினைவகத்தில் மட்டும் இருந்திருந்தால் அங்கே மாட்டியிருக்கும்.

டிக்குகளில் ஒன்றை மட்டும் தனியாகப் பார்த்தேன். "படித்தார்" என்ற தகவல் "போய்ச் சேர்ந்தது" என்பதற்கு முன்னால் வந்துவிடலாம். பின்னால் வரும் தகவல் நீல டிக்கைச் சாம்பல் நிறத்துக்குத் திருப்பிவிடக் கூடாது. நிலை முன்னேற மட்டுமே வேண்டும்.

மறுஇணைப்பில் இன்னொரு இடம் எப்போதும் என் கவனத்தை இழுக்கும். செயலியிடம் 43 வரை இருக்கிறது, விடுபட்டவை 44 முதல் 49 வரை. அவற்றைக் கேட்டு வாங்கும் முன்பே நேரலையில் 50 வந்துவிட்டால்? "கடைசியாகப் பார்த்தது 50" என்று செயலி குறித்துக்கொண்டால், நடுவில் இருந்த ஆறும் பிறகு கேட்கப்படவே மாட்டா. இதில் எந்தப் பிழைச் செய்தியும் வராது, பயனருக்கும் தெரியாது. இதைப் பிடிக்க, விடுபட்டவற்றைத் தரும் ஏபிஐ பதிலைச் சில நொடிகள் தாமதப்படுத்தி, அந்த இடைவெளியில் எதிர்ப்பக்கத்திலிருந்து 50-ஐ அனுப்பச் சொல்வேன். அது வந்து விழுந்ததும் இணைப்பை மறுபடி அறுப்பேன். இடைவெளி இல்லாமல் தொடர்ந்து கிடைத்த கடைசி எண் 43 என்று குறித்துவைத்திருக்கும் செயலி, அடுத்த இணைப்பில் 44-இலிருந்தே கேட்கும்.