ஜெர்மனிக்குப் போன ஃபில்டர் காபி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை இருக்கிறது. கொட்டை ஏற்காட்டிலிருந்து வருகிறது. சித்தப்பா மகன் ஸ்டுட்கார்ட்டில் இந்திய மளிகைக் கடை வைத்திருக்கிறான், இணையத்திலும் விற்கிறான். இறக்குமதி, வரி எல்லாம் அவன் பொறுப்பு. பொருளைப் பற்றிய விவரத்தை எழுதித் தருவது என் பொறுப்பு.

முதல் தடவை நான் செய்தது வெறும் மொழிபெயர்ப்புதான். நம் ஊர் இணையக் கடையில் இருந்த விவரத்தை அப்படியே ஜெர்மனில் மாற்ற ஆள் வைத்தேன். தலைப்பு `Filterkaffee, stark, 250 g` என்று வந்தது, அதாவது ஃபில்டர் காபி, ஸ்ட்ராங், 250 கிராம். அதில் ஒரு எழுத்துப் பிழை கூடக் கிடையாது. மூன்றாவது வாரம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, வாங்கினதுல ரெண்டு பேர் திருப்பி அனுப்பிட்டாங்க. ஒருத்தர் வீட்ல மெஷின்ல தண்ணி இறங்கவே இல்லையாம், வழிஞ்சு மேடையெல்லாம் கறையாம்."

தூளில் குறை என்று எனக்குத் தோன்றவில்லை. அதே தூளைத்தான் இங்கே தினமும் விற்கிறேன். ஆனாலும் சும்மா விட முடியவில்லை. பேப்பர் ஃபில்டரும் கூம்பும் வாங்கி வந்து, 80 பங்கு காபியும் 20 பங்கு சிக்கரியும் கலந்த எங்கள் 80:20 தூள் 30 கிராம் போட்டு, அரை லிட்டர் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தேன். பேப்பருக்கு ஏற்ற தூளாக இருந்தால் நாலு நிமிடத்தில் வடிந்துவிட வேண்டும். பன்னிரண்டு நிமிடம் கழித்தும் பாதித் தண்ணீர் மேலேயே கறுப்பாக நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தால் அடியில் களிமண் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

காரணம் இரண்டு. நம் பித்தளை ஃபில்டருக்கு அரைக்கும் தூள் நைசானது. கால் மணி, இருபது நிமிடம் சொட்டுச் சொட்டாக இறங்கினால்தான் டிகாஷன் கெட்டியாக வரும், அதற்காகவே அப்படி அரைக்கிறோம். அதோடு சிக்கரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நமக்கு அது நல்லது. பேப்பரில் அதுவே அடைப்பு.

ஜெர்மன்காரருக்கு `Filterkaffee` என்றால் பேப்பரில் வடிகட்டும் காபி, அவ்வளவுதான். அந்தப் பேப்பர் ஃபில்டரை 1908ல் கண்டுபிடித்ததே டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ். நூறு வருடத்துக்கு மேல் அங்கே வேரூன்றிய ஒரு சொல்லை எடுத்து நம் தூளின் மேல் ஒட்டியிருக்கிறேன். அதை நம்பி வாங்கினவர் மெஷினில் போட்டது முழுக்க நியாயம்.

சரி, அந்தச் சொல்லை எடுத்துவிடலாம் என்றால் இன்னொரு சிக்கல். அங்கே இருக்கும் நம் ஆட்கள் தேடுவதும் அதே ஃபில்டர் காபிதான். எடுத்துவிட்டால் அவர்கள் கண்ணில் படாது. ஒரே சொல்லைத் தட்டிக்கொண்டு இரண்டு விதமான ஆட்கள் உள்ளே வருகிறார்கள், இருவருக்கும் வேண்டியது வேறு. இது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

கடைசியில் பொருளையே இரண்டாகப் பிரித்தோம். முதலாவது, சிக்கரி இல்லாத ஏற்காடு அரபிகா, அரைக்காத முழுக் கொட்டை. பேப்பருக்கு எவ்வளவு கரடாக அரைக்க வேண்டும் என்று அதன் விவரத்திலேயே எழுதினோம். அதே கொட்டையைக் கரடாக அரைத்து மறுபடி சோதித்தபோது நாலு நிமிடத்தில் வடிந்தது. இரண்டாவது, பழைய 80:20 கலவை. அதன் தலைப்பு `Südindische Kaffee-Zichorien-Mischung, sehr fein gemahlen`, அதாவது தென்னிந்திய காபி-சிக்கரிக் கலவை, மிக நைசாக அரைத்தது. அதன் பின்னால் நம் ஆட்கள் தேடுவதற்காக `South Indian Filter Coffee`. விவரத்தின் முதல் வரியிலேயே, 'பேப்பர் ஃபில்டருக்கும் காபி மெஷினுக்கும் ஏற்றதல்ல' என்று போட்டோம். விற்பனை குறையும் என்று தம்பி தயங்கினான். நான் விடவில்லை.

சிக்கரி விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே மெனக்கெட்டேன். நம் விளம்பரத்தில் '20 சதவீதம் சிக்கரி' என்றால் நிறமும் கெட்டியும் என்று அர்த்தம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அங்கே சிக்கரிக்கு வேறு ஞாபகம். காபி கிடைக்காத போர்க்காலத்தில் அதற்குப் பதிலாகக் குடித்த சாமான் அது. இன்றும் காஃபீன் வேண்டாதவர்கள் தனியாக வாங்கிக் குடிக்கிறார்கள். ஆக, எதுவும் சொல்லாமல் 'சிக்கரி' என்று மட்டும் போட்டால் மலிவுக்காகக் கலந்தது என்றுதான் படும். சதவீதத்தை மறைக்கக் கூடாது, அங்கே சட்டப்படியும் பொருள் பட்டியலில் தெரிய வேண்டும். அதனால் '80 சதவீதம் காபி, 20 சதவீதம் சிக்கரி' என்று போட்டுவிட்டு, பாலோடு குடிக்கும் காபிக்குக் கெட்டி கொடுக்கவே இந்தக் கலவை, தென்னிந்தியாவில் இது பழைய வழக்கம் என்று இரண்டு வரி சேர்த்தேன்.

'டிகாஷன்' என்ற சொல்லையும் எடுத்தேன். ஆங்கிலம் தெரிந்தவர் அதைப் படித்தால் மூலிகைக் கஷாயம் என்று நினைப்பார். 'கெட்டியான காபிச் சாறு' என்று விளக்கமாக எழுதினோம்.

செய்முறையில் 'ஒரு டம்ளர், இரண்டு ஸ்பூன்' என்று இருந்ததை எல்லாம் கிராமுக்கும் மில்லிக்கும் மாற்றினேன். 'கெட்டிப் பால்' என்பதற்கு அங்கே கடையில் பாக்கெட்டில் போட்டிருக்கும்படியே 3,5 சதவீதக் கொழுப்புள்ள பால் என்று எழுதினோம். புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் கமா போடுவார்கள், அதுவும் அப்படியே. விலைக்குப் பக்கத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்றும் காட்டியாக வேண்டும், அதைத் தம்பி போட்டான். வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ தனி வரி இருப்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கால் கிலோ கொட்டைப் பாக்கெட்டில் அதுவே சுமார் 55 சென்ட். இங்கே இருந்து விலை கணக்குப் போட்டபோது அதை நான் சேர்க்கவே இல்லை.

'ஏற்காடு' என்ற பெயரை முன்னால் போட்டதும் வேலைக்கு ஆகவில்லை. நம்மூரில் அந்தப் பெயரே சரக்கை விற்றுவிடும். அங்கே அது வாயில் நுழையாத ஒரு ஊர். தென்னிந்தியா என்று தொடங்கி, சேர்வராயன் மலை, சுமார் 1,500 மீட்டர் உயரம், சில்வர் ஓக் மர நிழலில் மிளகுக் கொடியோடு வளர்ந்த செடி என்று எழுதினோம். காபி வாங்குகிறவர்கள் உயரத்தைப் பார்ப்பார்கள்.

எல்லாம் எழுதியபின் தம்பி அதை எதிர்வீட்டு ஜெர்மன் பெண்ணிடம் காட்டினான். நன்றாக இருக்கிறதா என்று கேட்கச் சொல்லவில்லை நான். 'பாக்கெட்டைப் பிரித்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?' என்று மட்டும் கேள் என்றேன். முதல் வடிவத்தைப் படித்துவிட்டு மெஷினில் போடுவேன் என்றார். எச்சரிக்கை அப்போது நாலாவது வரியில் இருந்தது, அதுவரை அவர் கண் போகவே இல்லை. அதை முதல் வரிக்கு ஏற்றினோம். மறுபடி காட்டியபோது, "இதற்கு அந்தப் பித்தளைச் சாமான் வேண்டுமே, படத்தில் இருப்பது இதோடு வருமா?" என்று கேட்டார்.

வராது. ஆக, டபரா-டம்ளரும் ஃபில்டரும் இருந்த படத்தை எடுத்துவிட்டு, பாக்கெட்டும் உள்ளங்கையில் கொஞ்சம் தூளும் இருக்கும் படத்தை வைத்தோம். தூள் எவ்வளவு நைசு என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஃபில்டர் இல்லாதவர்களுக்குத் தூளில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டும் வழியை எழுதினோம். நானே மூன்று தடவை செய்து பார்த்துத்தான் சேர்த்தேன். ஃபில்டரில் இறங்கியது போல வராது, பாலோடு குடிக்க நன்றாகவே இருக்கும் என்பதையும் எழுதிவிட்டேன்.

போன மாதம் தம்பியிடம் ஃபில்டர் மட்டும் தனியாகக் கேட்டு நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். இப்போது அதற்கு விவரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேல் பாத்திரத்தின் துளையில் தூள் அடைத்தால் எப்படிச் சுத்தம் செய்வது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.