ஒரே நிரலுக்கு 9-ம் 14-ம்

எங்கள் குழுவில் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வீட்டில் செய்து அனுப்பும்படி ஒரு அசைன்மென்ட் கொடுப்போம். சில கடைகளின் விற்பனைப் பதிவுகள் உள்ள ஒரு சிஎஸ்வி கோப்பு, சுமார் 300 வரிகள். ஒவ்வொரு கடைக்கும் நாள்வாரியாக மொத்தம் போட்டுத் தர வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். வந்ததை இரண்டு பேர் திருத்துவோம். விடை சரியா, பிழைகளைக் கையாளும் விதம், டெஸ்ட், படிக்க எளிதா, ரீட்மீ என்று ஸ்கோர் ஷீட்டில் ஐந்து வரிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. 20-க்கு 13 வந்தால் அடுத்த சுற்று.

ரொம்ப நாள் இது பிரச்சினை இல்லாமல் ஓடியது. இருவர் மதிப்பெண்ணும் ஒன்றிரண்டு புள்ளிக்குள் ஒத்துப்போகும். ஷீட் நன்றாக வேலை செய்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். பிறகுதான் உறைத்தது, முதலில் திருத்தியவரின் மதிப்பெண் பக்கத்துக் கட்டத்திலேயே இரண்டாமவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. அங்கே 3 என்று இருந்தால், 1 போட நினைத்த கை 2 போடும். அதனால் ஆளுக்கு ஒரு தனி ஷீட் வைத்துக்கொண்டு, இருவரும் முடித்த பிறகு சேர்ப்பது என்று மாற்றினோம். அப்படிச் சேர்த்த முதல் வாரமே ஒருவருக்கு நான் 9 போட்டிருந்தேன், என்னோடு திருத்தியவர் 14 போட்டிருந்தார். என் கணக்கில் விண்ணப்பித்தவர் தேறவில்லை, என்னோடு திருத்தியவர் கணக்கில் தேறிவிட்டார்.

அந்த நிரலில் நடந்தது இதுதான். நாங்கள் கொடுத்த கோப்பில் வேண்டுமென்றே இரண்டு சிக்கல் வைத்திருந்தோம். ஒரு வரியில் தொகை காலியாக இருக்கும். இன்னொரு வரி இப்படி இருக்கும்:

```
2024-03-05,K12,"1,250.00"
```

விண்ணப்பித்தவர் எழுதியிருந்தது:

```python
for line in f:
    try:
        date, shop, amount = line.split(",")
        totals[date, shop] += float(amount)
    except ValueError:
        continue
```

காற்புள்ளி வருகிற இடத்திலெல்லாம் வெட்டுவதால் அந்த K12 வரி மூன்று துண்டாக அல்லாமல் நான்கு துண்டாகிறது. மூன்று பெயரில் நான்கைப் பிரித்துப் போட முடியாமல் பைதான் `ValueError` எழுப்புகிறது. காலித் தொகையை எண்ணாக மாற்றப் போனாலும் அதே `ValueError`தான். இரண்டையும் அந்த `continue` சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிறது. நிரல் நிற்கவில்லை, எச்சரிக்கவும் இல்லை. K12 கடையின் மார்ச் 5 மொத்தம் மட்டும் சரியாக 1,250 ரூபாய் குறைந்தது. குறைகிற தொகை ஒரு வரியின் தொகையோடு அப்படியே பொருந்தினால், கூட்டலில் தப்பில்லை, ஒரு வரி மொத்தமாகக் காணாமல் போயிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பணம் சம்பந்தப்பட்ட நிரலில் ஒரு வரி சொல்லாமல் மறைவதை என்னால் சகிக்க முடியாது. விடைக்கு 2, பிழை கையாளுதலுக்கு 0, இப்படி ஒரு வரிக்கு டெஸ்ட் எழுதவில்லை என்று டெஸ்டுக்கு 1. மற்ற இரண்டுக்கும் தலா 3. என்னோடு திருத்தியவரும் விடைக்கு 2-தான் போட்டிருந்தார், மீதி நான்குக்கும் 3.

எதிரெதிரே உட்கார்ந்தோம். "ஒரே தப்புக்கு மூணு இடத்துல வெட்டிட்டீங்க" என்றார் அவர். முதலில் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு வரி வரியாகப் பார்த்தோம். டெஸ்ட் விஷயத்தில் அவர் சொன்னது சரி. மொத்தம் போடும் செயற்கூறுக்கும் காலித் தொகைக்கும் தேதி வரிசைக்கும் ஒழுங்கான டெஸ்ட் இருந்தது. விண்ணப்பித்தவர் எடுத்துக்கொண்ட மாதிரித் தொகைகள் எல்லாமே ஆயிரத்துக்குக் கீழே, அவ்வளவுதான். தொகைக்குள் காற்புள்ளி வரும் என்பது தோன்றாத ஒருவருக்கு அதற்கான டெஸ்டும் தோன்றாது. அது விடையில் ஏற்கெனவே வெட்டப்பட்ட அதே குறை.

ஆனால் `continue` வேறு குறை என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதை அங்கேயே சோதித்துப் பார்த்தோம். `split`-ஐ எடுத்துவிட்டு பைதானின் `csv` மாட்யூலைப் போட்டோம். இப்போது வரி சரியாக மூன்று துண்டாகிறது. ஆனாலும் `float("1,250.00")` அதே `ValueError`-ஐத்தான் எழுப்புகிறது, வரி அப்போதும் மறைகிறது. ஒன்றைத் திருத்தியும் இன்னொன்று அப்படியே இருந்தது, ஆகவே இரண்டும் தனித்தனிக் குறைகள். இதை அவர் ஏற்றுக்கொண்டார்.

சரி, அதற்கு எத்தனை மதிப்பெண்? நான் 0 போட்டதற்குக் காரணம் வரி மறைந்தது. அவர் 3 போட்டதற்குக் காரணம் நிரல் பாதியில் விழாமல் ஓடி முடிந்தது. அதற்குமேல் ரீட்மீயில், "தொகை இல்லாத வரியை விட்டுவிடுகிறேன், என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்" என்று விண்ணப்பித்தவர் எழுதியே வைத்திருந்தார். நானும் அதைப் படித்திருந்தேன், ஆனால் மதிப்பெண்ணெல்லாம் போட்டு முடித்து, ரீட்மீ வரிக்கு வந்த பிறகு. எங்கள் ஷீட்டிலோ "0 – மோசம், 4 – மிகச் சிறப்பு" என்பதைத் தவிர வேறு வார்த்தையே கிடையாது. இருவரும் ஒரே கட்டத்தில் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அன்று மதியமே ஷீட்டில் பிழை கையாளும் வரிக்கு மட்டும் விளக்கம் எழுதினோம். தவறான வரி வந்தால் நிரல் விளக்கமில்லாமல் விழுகிறதென்றால் 0. வரியை விட்டுவிட்டு ஓடுகிறது, ஆனால் எதை விட்டது என்று சொல்லவில்லை என்றால் 2. எந்த வரி, ஏன் விடப்பட்டது என்று சொன்னால் 4. இடைப்பட்டதற்கு 1-ம் 3-ம். கூடவே, ஒரு குறையை ஒரே இடத்தில்தான் வெட்ட வேண்டும், நிரலின் எந்த வரி எண்ணைப் பார்த்து வெட்டினோம் என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும் என்று சேர்த்தோம். ரீட்மீயைத்தான் முதலில் படிப்பது என்றும் முடிவு செய்தோம். அதன்படி விண்ணப்பித்தவருக்கு 2, 2, 3, 3, 3 வந்தது. மொத்தம் 13. அடுத்த சுற்றுக்கு அழைத்தோம்.

அப்புறம்தான் பெரிய கேள்வி. அதே வேலைக்கு ஏற்கெனவே ஆறு பேரைப் பழைய ஷீட்டில் திருத்தி முடித்திருந்தோம். ஏழாவது ஆளுக்கு மட்டும் புது அளவுகோல் என்றால் அது நியாயமே இல்லை. ஆறையும் மறுபடி திறந்தோம், இந்த முறை பழைய மதிப்பெண்களை மறைத்துவிட்டு. ஐந்து பேருக்கு முடிவு மாறவில்லை. ஒருவருக்கு முன்பு 11. முதலில் திருத்தியது நான், பக்கத்துக் கட்டத்தில் என் எண்ணைப் பார்த்துப் போட்டவர் என்னோடு திருத்தியவர். டெஸ்டிலும் பிழை கையாளுதலிலும் ஒரே குறைக்காக நான் இருமுறை வெட்டியிருந்தேன். இப்போது எங்கள் இருவர் ஷீட்டிலும் தனித்தனியே 14 வந்தது.

அந்த விண்ணப்பதாரருக்கு மறுப்புக் கடிதம் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. எச்.ஆரிடம் நடந்ததைச் சொன்னேன். திருத்தியதில் எங்கள் பக்கம் தவறு நடந்துவிட்டது, விருப்பம் இருந்தால் அடுத்த சுற்றுக்கு வாருங்கள் என்று அன்று மாலையே எழுதினோம். மறுநாள் பதில் வந்தது. வேறு இடத்தில் சேர ஒப்புக்கொண்டுவிட்டதாகவும், தன் நிரலில் எந்த இடத்தில் குறை என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார். ஷீட்டில் வரி எண்ணோடு எழுதியிருந்த குறிப்புகளை அப்படியே அனுப்பினேன்.